ஒதுக்கிய குவியலில் என்ன இருக்கிறது?

அமெரிக்க சிவில் வழக்குகளில் 'டிஸ்கவரி' என்றொரு கட்டம் உண்டு. வழக்குக்குத் தொடர்புள்ள ஆவணங்களை எதிர்த்தரப்பு கேட்டால் தேடி எடுத்துக் கொடுத்தாக வேண்டும். பெண் என்பதால் பதவி உயர்வும் ஊதியமும் மறுக்கப்பட்டதாகச் சிலர் பப்ளிசிஸ் விளம்பரக் குழுமத்தின் மீது தொடுத்த வழக்கில், தேடவேண்டியிருந்தவை சுமார் 30 லட்சம் மின்னஞ்சல்கள். எல்லாவற்றையும் வக்கீல்கள் படித்து முடிக்க முடியாது. மென்பொருளைப் பழக்கித் தேடலாம் என்று 2012 பிப்ரவரியில் நியூயார்க் நீதிபதி ஆண்ட்ரூ பெக் ஏற்றுக்கொண்டார். இந்த முறையை வெளிப்படையாக ஏற்ற முதல் தீர்ப்பு அதுதான்.

மூத்த வக்கீல்கள் முதலில் கொஞ்சம் மின்னஞ்சல்களைப் படித்து 'தொடர்புண்டு', 'இல்லை' என்று குறிப்பார்கள். எந்தச் சொற்கள் எவற்றோடு சேர்ந்து வந்தால் எந்தக் குறி விழுகிறது என்பதை மென்பொருள் கற்றுக்கொண்டு, மீதி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடும். பிறகு புதிதாகச் சிலவற்றைக் காட்டும்; வக்கீல்கள் திருத்துவார்கள். இந்த வழக்கில் சுற்றுக்குக் குறைந்தது 500 ஆவணங்கள் வீதம் ஏழு சுற்றுகள் திட்டமிடப்பட்டன.

இதில் ஆபத்து, வக்கீலின் தவறு அவரோடு நிற்காது என்பதுதான். ஊதியம் பற்றிய ஒரு கடிதத்தை 'இல்லை' என்று குறித்தால், அதைப் போன்ற பல கடிதங்களும் பட்டியலின் அடிக்குப் போய்விடலாம். ஆகவே பயிற்சிக்குப் பயன்பட்ட கடிதங்களை, தொடர்பில்லை என்று குறித்தவை உட்பட, எதிர்த்தரப்புக்கும் காட்ட பப்ளிசிஸ் தரப்பு ஒப்புக்கொண்டது. வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம் உள்ளவை மட்டும் விலக்கு. எதிரியின் கண்ணைவிடக் கறாரான சோதனை வேறென்ன!

விடுபட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? மென்பொருள் ஒதுக்கிய குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 2,399 ஆவணங்களை எடுத்து மனிதர்கள் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு கணக்குக்கு, அவற்றில் 24 தொடர்புள்ளவை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஒதுக்கிய குவியல் 29 லட்சம் என்றால், அதற்குள் ஏறக்குறைய 29,000 ஒளிந்திருக்கின்றன. மென்பொருள் 30,000 மட்டுமே கண்டெடுத்திருந்தால் பாதி கைநழுவிவிட்டது. எண்ணிக்கையோடு தரத்தையும் பார்க்க வேண்டும்: விடுபட்டவை ஒப்புக்குத் தொடர்புள்ளவையா, வழக்கையே திருப்பக்கூடியவையா? இரண்டாவது வகை அகப்பட்டால் மறுபடி பயிற்சிதான்.

மதிப்பெண் வரிசையில் முதல் 40,000 ஆவணங்களோடு நிறுத்திக்கொள்ள பப்ளிசிஸ் தரப்பு விரும்பியது. ஆவணத்துக்கு 5 டாலர் வீதம் செலவு 2 லட்சம் டாலர் என்பது அதன் கணக்கு. பெக் சம்மதிக்கவில்லை. வரிசையில் தொடர்புள்ளவை எங்கே அருகத் தொடங்குகின்றன என்று பார்க்காமல், எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்றார்.