காலத்துக்கு ஒரு முடிவு

பார்சி குடும்பத்தில் ஒருவர் இறந்தால் மூன்று இரவுகள் அவருடைய உயிர் உடல் கிடந்த இடத்தின் அருகிலேயே இருக்கும் என்பது நம்பிக்கை. நான்காம் நாள் விடியலில் அது சின்வத் என்னும் பாலத்தை அடைகிறது. அங்கே மித்ரா, ஸ்ரோஷா, ரஷ்னு ஆகிய மூவர் நியாயம் தீர்க்கிறார்கள். ரஷ்னுவின் கையில் தராசு. அது செல்வந்தருக்காகவும் தாழாது, அரசருக்காகவும் தாழாது. நல்லவருடைய காலடியில் பாலம் அகன்று கொடுக்கும். தீயவருடைய காலடியில் கத்தியின் விளிம்பாகக் குறுகி, அவரை நரகத்தில் தள்ளிவிடும். வழியில் ஒரு பெண் எதிர்ப்படுகிறாள். நல்லவர் கண்ணுக்கு அவள் பேரழகி. யாரம்மா நீ என்று கேட்டால், உன் எண்ணமும் சொல்லும் செயலும்தான் நான் என்கிறாள்.

இஸ்லாமிய மரபில் வரும் சிராத் பாலம், முடியை விட மெல்லியது, வாளை விடக் கூரியது. நியாயத்தீர்ப்பு நாள், இறந்தோர் எழுதல், சாத்தானின் தோல்வி, உலகின் முடிவு ஆகியவை யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை. இவற்றுக்கு ஈரானிய மூலம் உண்டா என்ற கேள்வி அறிஞர்களிடையே நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கு விடை தேட, ஜரதுஷ்டிரரின் மதம் ஏன் காலத்துக்கே ஒரு முடிவை வைத்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஜரதுஷ்டிரர் பாடியவை என்று கருதப்படும் 17 பாடல்கள் காதாக்கள் எனப்படுகின்றன. அவற்றின் மொழி ரிக்வேத மொழிக்கு நெருங்கிய உறவு. அவற்றில் ஆதியில் இரட்டையரான இரண்டு ஆவிகள் தோன்றுகின்றன. ஒன்று வாழ்வைத் தேர்ந்துகொள்கிறது, மற்றொன்று அழிவை. மனிதரும் அப்படித்தான் தேர்ந்தாக வேண்டும். ஆஷா என்னும் வாய்மையின் பக்கம் நிற்பதா, துருஜ் என்னும் பொய்யின் பக்கம் நிற்பதா என்பதுதான் வாழ்க்கையின் முழுக் கேள்வி.

துன்பம் கடவுளிடமிருந்து வரவில்லை, நோயும் பஞ்சமும் சாவும் பகைவன் கொண்டுவந்தவை என்று சொல்லிவிட்டால், உடனே அடுத்த கேள்வி எழும். அந்தப் பகைவன் என்றைக்கும் இருப்பானா? இருப்பான் என்றால் கடவுள் தோற்றவராவார். இந்தச் சிக்கலுக்கு ஈரானியர் கண்ட விடையைப் புந்தஹிஷ்ன் என்ற நூல் சொல்கிறது. மேலே எல்லையற்ற ஒளியில் ஒஹ்ர்மஸ்த் இருக்கிறார், கீழே இருளில் அஹ்ரிமன். இடையில் வெறுமை. அஹ்ரிமன் ஒளியைக் கண்டு அழிக்கப் பாய்கிறான். ஒஹ்ர்மஸ்த் சமாதானம் பேசுகிறார், அவன் மறுக்கிறான். காலம் குறிக்காவிட்டால் இந்தப் போர் ஓயாது என்று உணர்ந்த ஒஹ்ர்மஸ்த், 9,000 ஆண்டுகள் என்று தவணை வைக்கிறார். பின்விளைவு அறியாத அஹ்ரிமன் ஒப்புக்கொள்கிறான். அங்கேயே அவன் தோற்றுவிட்டான். நாம் வாழும் காலம் தீமையைப் பிடிக்க விரித்த வலை என்பதுதான் இந்தக் கதையின் உட்பொருள். நம் புராணங்களில் கலியுகம் முடிந்தால் மீண்டும் கிருதயுகம் பிறக்கும். இங்கே சக்கரம் சுழல்வதில்லை. முடிவு ஒரே முறை, அதன் பிறகு தீமை திரும்பாது.

அந்த முடிவு வரும்போது சோஷ்யந்த் என்னும் மீட்பர் தோன்றுவார், இறந்தோர் உடலோடு எழுவார்கள். மலைகளில் உள்ள உலோகம் உருகி ஆறாக ஓடும். எல்லோரும் அதைக் கடக்க வேண்டும். நல்லவருக்கு அது வெதுவெதுப்பான பாலில் நடப்பது போல இருக்கும்; தீயவருக்குக் கொதிக்கும் உலோகமாகவே இருக்கும். ஆனால் அதைக் கடந்த பின் தீயவர்களும் தூய்மையாகிவிடுகிறார்கள். தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும் சந்தித்து, இத்தனை காலம் எங்கே இருந்தாய், என்ன தீர்ப்புப் பெற்றாய் என்று விசாரித்துக்கொள்கிறார்கள். அந்த உலோகம் நரகத்துக்குள்ளும் பாய்ந்து அதையும் சுத்தம் செய்கிறது. முடிவே இல்லாத நரகம் இங்கே இல்லை. எனக்கு இந்த மதத்தில் மிகவும் பிடித்த இடம் இது. பின்னால் வந்த மதங்களின் பெரும்பான்மைப் போக்கு இதை ஏற்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. புந்தஹிஷ்ன் இன்றுள்ள வடிவம் பெற்றது கி.பி. 9-ஆம் நூற்றாண்டு வாக்கில், ஈரான் இஸ்லாமிய ஆட்சிக்குள் வந்த பிறகு. அப்படியானால் யார் யாரிடம் பெற்றார்கள்? உருகிய உலோகத்தைப் பற்றிக் காதாக்களிலேயே குறிப்பு உண்டு என்பது ஒரு சான்று. அதைவிட உறுதியானது கிரேக்கரிடமிருந்து வருகிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோபோம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் ஈரானியப் பூசாரிகளின் கொள்கையை எழுதிவைத்தார். அவர் நூல் அழிந்துவிட்டது. ஆனால் புளூட்டார்க் அதை எடுத்துச் சொல்கிறார்: இரு தேவர்கள் மூவாயிரம் மூவாயிரம் ஆண்டுகளாக ஆண்டும் போரிட்டும், கடைசியில் தீயவன் ஒழிவான், மக்கள் உணவின்றி, நிழலின்றி இன்பமாக வாழ்வார்கள். மனிதர் மீண்டும் உயிர்த்தெழுவர் என்று அந்தப் பூசாரிகள் நம்பியதாகவும் தியோபோம்பஸ் சொன்னதை இன்னொரு கிரேக்க ஆசிரியர் பதிவு செய்திருக்கிறார். ஆக, கொள்கையின் எலும்புக்கூடு அலெக்சாந்தர் காலத்துக்கு முந்தியது.

யூதர் பக்கம் வருவோம். கி.மு. 539-இல் பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனைப் பிடித்தார். அங்கிருந்த யூதர்கள் ஊர் திரும்பலாம் என்றார். அதன்பின் சுமார் இருநூறு ஆண்டுகள் அவர்கள் பாரசீக ஆட்சியில் வாழ்ந்தார்கள். அதற்கு முந்திய யூத நூல்களில் செத்தவர் எல்லோரும் போகும் இடம் ஷியோல் என்னும் மங்கலான பாதாளம்தான். உயிர்த்தெழுதலும் நற்கூலியும் தண்டனையும் தெளிவாக ஒன்றுசேர்ந்து வருவது தானியேல் நூலின் கடைசி அதிகாரத்தில். அது கி.மு. 165-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. அன்று அந்தியோக்கஸ் மன்னன் யூத வழிபாட்டைத் தடைசெய்து, மீறியவர்களைக் கொன்றுகொண்டிருந்தான். கடவுளுக்காகச் செத்தவனுக்கு என்ன நீதி என்ற கேள்வி அந்த ரத்தத்திலிருந்தே எழுந்திருக்க முடியும். அதற்கு ஈரான் வேண்டியதில்லை. எகிப்தியரும் மிகப் பழங்காலத்திலேயே இறந்தவரின் இதயத்தைத் தராசில் நிறுத்தவர்கள். ஜேம்ஸ் பார் போன்றோர் தயங்குவது இதனால்தான். ஈரானியத் தாக்கத்தை வலுவாக வாதிட்டவர் மேரி பாய்ஸ்.

எனக்குத் தராசைச் சாய்ப்பது சாக்கடல் அருகே கும்ரான் குகையில் 1947-இல் கிடைத்த சுருள்களில் ஒன்று. யூதக் குழு ஒன்றின் ஒழுங்குவிதிகள் அதில் உள்ளன. மனிதருக்குள் வாய்மையின் ஆவி, பொய்யின் ஆவி என இரண்டு இருக்கின்றன. ஒளியின் மக்களை ஒளியின் தலைவனும் பொய்யின் மக்களை இருளின் தூதனும் ஆள்கிறார்கள். பொய்க்குக் கடவுள் ஒரு முடிவுகாலம் குறித்துவிட்டார். ஒளி, இருள், வாய்மை, பொய், குறித்த தவணை என்று இத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தச் சுருள் ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு ஆவிகளையும் படைத்தவர் அந்த ஒரே கடவுள்தான். அவர்கள் எடுத்துக்கொண்டது போரின் வடிவத்தை. தங்கள் கடவுளுக்கு நிகரான பகைவனை அவர்கள் ஏற்கவில்லை.

இந்த மாற்றத்தை நேரில் பார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி இருக்கிறது. தாவீது அரசர் குடிக்கணக்கு எடுத்த கதை விவிலியத்தில் இரண்டு முறை வருகிறது. பழைய நூலான இரண்டாம் சாமுவேலின் 24-ஆம் அதிகாரத்தில் அவரை அதற்குத் தூண்டுவது கடவுளின் கோபம். பாரசீக ஆட்சியிலோ அதற்குச் சற்றுப் பின்போ எழுதப்பட்ட முதலாம் நாளாகமத்தின் 21-ஆம் அதிகாரத்தில் தூண்டுவது சாத்தான். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள்.