நான்காம் அடுக்கின் விலாசம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பெரிய குடோன்களில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் பாதி நேரம் அண்ணாந்து பார்த்தே வேலை செய்கிறார். கையிலுள்ள ஸ்கேனரின் திரையில் B-07-4-2 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். B என்ற சந்து, ஏழாவது ரேக், தரையிலிருந்து எண்ணினால் நான்காவது அடுக்கு, அதில் இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது பாலட். ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள பாலட்டுகள் என்றால், அந்த அடுக்கைத் தாங்கும் பீம் தலைக்கு மேல் ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்கும்.

அங்கே ஒட்டிய எழுத்து கீழிருந்து தெரிய வேண்டும். மூன்று மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் எழுத்து என்பது இத்துறையில் புழங்கும் கணக்கு. ஐந்து மீட்டருக்கு 50 மில்லிமீட்டர் வைத்துவிட்டால் கவலையில்லை.

எழுத்து தெரிந்தாலும், சாதாரண ஸ்கேனர் அவ்வளவு தூரத்துப் பார்கோடைப் படிக்காது. அதனால் எல்லா அடுக்குகளின் பார்கோடுகளையும் கண்மட்டத்தில், ரேக்கின் தூணில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். மேலடுக்குக்கு உரியது மேலே, தரைக்கு உரியது கீழே. தவறு நுழைவது இங்கேதான். ஓட்டுநர் கீழே நான்காம் அடுக்கின் பார்கோடைச் சரியாக ஸ்கேன் செய்துவிட்டு, மேலே மூன்றாம் அடுக்கின் பாலட்டை இறக்கிவிடலாம். கணினிக்கு அது தெரியவே தெரியாது. பிறகு சரக்கு இருப்பை எண்ணும்போதுதான் வெளிப்படும்.

வண்ணப்பட்டை இதைத் தடுப்பதற்குத்தான். நான்காம் அடுக்குக்கு மஞ்சள் என்றால், கண்மட்ட லேபிளிலும் மஞ்சள், மேலே பீமிலும் மஞ்சள். எல்லாச் சந்துகளிலும் அதே நிறம். சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்த அடுக்குகளுக்குக் கொடுக்கக் கூடாது; ஆண்களில் சிலருக்கு அவை பிரிந்து தெரியாது. பட்டைக்குள் அடுக்கு எண்ணையும் பெரிதாக அச்சிட்டால் நிறம் மட்டுமே துணை என்ற நிலை வராது. பார்கோடின் பின்னணிக்கு மட்டும் வெள்ளைதான். சிவப்பு ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்கு நீலமும் பச்சையும் கறுப்பாகவே தெரியும், கோடுகள் அதில் மறைந்துவிடும்.

லேபிள் எப்போதும் சரக்குக்குக் கீழுள்ள பீமில்தான் ஒட்டப்பட வேண்டும். தரையடுக்குக்குப் பீம் கிடையாது. அதன் லேபிளும் இரண்டாம் அடுக்கின் லேபிளும் முதல் பீமிலேயே பக்கத்தில் பக்கத்தில் வந்து விழும். புதிதாகச் சேர்ந்தவர் அதிகம் தடுமாறும் இடம் இது. தரையடுக்குக்குக் கீழ்நோக்கிய அம்புக்குறி, மற்றதற்கு மேல்நோக்கிய அம்புக்குறி கட்டாயம் வேண்டும்.

குடோன் முழுதுக்கும் அச்சிடுவதற்கு முன் ஒரே ஒரு ரேக்கில் ஒட்டிப் பார்ப்பது நல்லது. இரவு ஷிஃப்ட் வெளிச்சத்தில் ஓட்டுநரை வண்டியின் இருக்கையிலேயே உட்காரவைத்து, எண்களைச் சொல்லச் சொல்ல அவரைக் கைகாட்டச் சொல்ல வேண்டும். எந்த அடுக்கில் அவர் தயங்குகிறாரோ, அந்த லேபிளைத்தான் திருத்த வேண்டும்.