பெயர்ப் பட்டை எப்போது வர வேண்டும்?

பேட்டி வீடியோவில் பேசுபவரின் பெயர் கீழே வருமே, அதைப் பலர் முகம் தெரிந்த நொடியிலேயே போட்டுவிடுகிறார்கள். கண் முதலில் முகத்துக்குத்தான் போகும். ஒரு நொடி விட்டுப் போடுங்கள். நாலைந்து நொடி நிற்கட்டும். பெயரையும் பதவியையும் நிதானமாக இரண்டு முறை வாசிக்க முடிந்தால் போதும். ஷாட் மாறுவதற்குள் பட்டை மறைய வேண்டும். இல்லையென்றால் விவசாயியின் பெயர் டிராக்டர் மேல் நிற்கும்.

1920 × 1080 திரையில் இடது ஓரத்திலிருந்து 96 பிக்சல், அடியிலிருந்து 54 பிக்சல் உள்ளே தள்ளி வைப்பது பாதுகாப்பு. தமிழில் இன்னொரு தொல்லை: வரிகளை நெருக்கினால் மேல்வரி 'ழ'வின் வாலும் கீழ்வரி 'தீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும். இருப்பதிலேயே நீளமான பெயரை வைத்து எழுத்தளவை முடிவுசெய்யுங்கள். பிறகு அந்தப் பட்டையையே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றுங்கள்.