ஒரே மாதத்தில் 5 கிலோ சதை ஏறுமா? ஊசி போட்டாலும் ஏறாது!

மோகனூர்,

"30 நாளில் 5 கிலோ சதை!" என்று சொல்லி மாவு டப்பாவும் ஊசியும் விற்கிறார்கள். நம்பிப் பணம் கட்டுவோர் முதலில் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும்.

மோகனூர் வாலிபர் ஒருவர் புதிதாக எடை தூக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் முட்டை, வயிறு நிறையச் சோறு. 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 63 கிலோ ஆகிவிட்டார்.

"மாஸ்டர், 3 கிலோ சதை போட்டுட்டேன்!" என்பார்.

"தம்பி, தராசுக்குச் சதையும் தெரியாது, தண்ணியும் தெரியாது" என்பார் மாஸ்டர்.

தண்ணீர் எடை

மாஸ்டர் சொல்வதே சரி. பயிற்சி செய்யும் தசையில் மாவுச்சத்து சேரும். 1 கிராம் சேர்ந்தால் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரும் சேரும். கொஞ்சம் கொழுப்பும் ஏறியிருக்கும். அந்த 3 கிலோவில் உண்மையான தசை அரை கிலோ முதல் 1 கிலோ வரைதான். அதுவும் புதியவர் என்பதால்! பல வருடம் பழகியவருக்கு மாதம் 200 கிராம் ஏறினாலே பெரிது.

ஊசி போட்டும் 6 கிலோ

அமெரிக்காவில் டாக்டர் ஷலேந்தர் பாசின் குழுவினர் 1996-ல் ஒரு சோதனையை வெளியிட்டனர். எடை தூக்கிப் பழகிய ஆண்கள் 10 வாரம் பயிற்சி செய்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு, கொழுப்பு நீங்கலான எடை சுமார் 2 கிலோ கூடியது. வாரம் 600 மில்லிகிராம் ஆண் ஹார்மோன் ஊசி போட்டவர்களுக்கு 6 கிலோ கூடியது.

ஆக, ஊசி போட்டும் மாதம் இரண்டரை கிலோதான்! அதிலும் தண்ணீர் உண்டு. ஊசியை இஷ்டத்துக்குப் போட்டால் விந்து உற்பத்தி குறையும், விதை சுருங்கும். 5 கிலோ எங்கிருந்து வரும்?

ஸ்கேன் என்ன சொல்லும்?

'டெக்சா' ஸ்கேன் இருவகை எக்ஸ்ரே கதிர்களால் எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரித்துக் காட்டும். அந்த 'மற்றவை'யில் தசையோடு தண்ணீரும் அடக்கம். உடம்பு மாறாமலே அடுத்த முறை அரை கிலோ, சில சமயம் 1 கிலோ வித்தியாசம் காட்டும்.

எனவே மாதாமாதம் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. புதியவர் 3 மாதம் கழித்து எடுத்தால் 2 கிலோ ஏற்றம் தெளிவாகத் தெரியும். பழகியவருக்கு 6 மாதத்தில் 1,200 கிராம்தான் ஏறும். அதற்குமுன் எடுத்தால் தசை ஏறியதா, மிஷின் ஆடியதா என்று சொல்லமுடியாது.

இரண்டு தடவையும் அதே மிஷினில், காலையில் வெறும் வயிற்றில், பயிற்சிக்கு முன்பே எடுக்கவேண்டும். முதல் நாள் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனால், கறிச்சோறும் 'சதை' கணக்கில் சேர்ந்துவிடும்!