ஆடாத போனுக்குள் ஆடும் லென்ஸ்

பைக்கில் வழி பார்க்க போனை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வது இன்று எல்லா ஊரிலும் சாதாரணம். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞர்கள் முதல் வார இறுதியில் ஏற்காடு கிளம்பும் நண்பர்கள் வரை யாருடைய வண்டியிலும் ஒரு ஹோல்டர் இருக்கிறது. கடையில் அதை வாங்குபவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: போன் கீழே விழாமல் இருக்குமா?

விழாமல் இருந்தாலும் போன் கெடலாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் இதை வெளிப்படையாகவே சொன்னது. அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக நெடுநேரம் போனுக்குப் போனால் கேமராவின் திறன் குறையலாம், ஆகவே அத்தகைய வண்டிகளில் ஐபோனைப் பொருத்த வேண்டாம் என்பது அதன் எச்சரிக்கை. மொபெட், மின்சார ஸ்கூட்டர் போன்றவற்றில் அதிர்வு குறைவு என்றாலும் அங்கும் அதிர்வு தாங்கி உள்ள ஹோல்டரே நல்லது என்றது. ஐபோனுக்கு மட்டும் உள்ள பலவீனம் இல்லை இது. அதே வகை கேமரா உள்ள ஆண்ட்ராய்டு போன்களுக்கும் பொருந்தும்.

அது எந்த வகை கேமரா? படம் பிடிக்கும்போது கை லேசாக நடுங்கினாலும் படம் கலங்காமல் இருக்க, நடுத்தர, உயர் விலை போன்களில் ஓ.ஐ.எஸ். என்ற வசதி உண்டு. இதில் லென்ஸ் உடலோடு இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்காது. தூளியில் கிடக்கும் குழந்தை மாதிரி மெல்லிய கம்பிகளில் அது தொங்குகிறது. போன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கைரோஸ்கோப் உணர்ந்து சொல்லும். காந்தமும் கம்பிச்சுருளும் லென்ஸை எதிர்ப்பக்கம் நகர்த்தும். லென்ஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்க அங்கேயே காந்த உணரிகளும் உண்டு. கை நடுக்கம் நொடிக்குச் சில முறைதான். அதற்காகச் செய்யப்பட்ட அமைப்பு இது.

எஞ்சினின் கணக்கு வேறு. பழைய 350 சிசி புல்லட்டை எடுத்துக்கொள்வோம். ஒற்றை சிலிண்டர், 2020 முதல் வந்த மீட்டியர், புது கிளாசிக் வண்டிகளில் இருப்பதுபோல அதிர்வைச் சமன்செய்யும் பேலன்ஸர் தண்டு அதில் இல்லை. 3,000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஹேண்டில்பார் ஒரு முறை உதறும். ஒரு மணி நேரத்தில் 1,80,000 உதறல். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு நான்கு மணி நேரம் போனால் ஏழு லட்சத்தைத் தாண்டும். 150 சிசி வண்டி 6,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 100. கேமராவைத் திறக்காமல் மேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாலும் தொங்கும் லென்ஸ் இதையெல்லாம் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

இங்கேதான் கண் ஏமாறுகிறது. உலோகக் கிளாம்பில் இறுக்கி மாட்டிய போன் பார்வைக்கு அசையாமல் நிற்கும். விரலை வைத்தால் மட்டும் ஒரு ரீங்காரம் தெரியும். அந்த மெல்லிய, வேகமான அதிர்வுதான் கேமராவுக்குக் கெடுதல். நல்ல அதிர்வு தாங்கி வைத்த போனோ சிக்னலில் வண்டி நிற்கும்போது தளதளவென்று ஆடும். பார்ப்பவர் இது சரியில்லை என்று கழற்றிவிடுவார். உண்மையில் அந்த ஆட்டம், தாங்கி வேலை செய்வதற்கான அடையாளமாகவே இருக்கலாம்.

காரணம் இதுதான். தாங்கியில் உள்ள சிலிக்கான் அல்லது ரப்பர் புஷ்களுக்கும் அவற்றின் மேல் உட்காரும் போனுக்கும் சேர்த்து ஒரு இயல்பான ஆட்ட வேகம் உண்டு. அது நொடிக்கு 20 முறை என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வரும் அதிர்வு இதைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால்தான், அதாவது 28க்கு மேல் போனால்தான், தாங்கி அதைக் குறைக்கத் தொடங்கும். 3,000 சுற்றில் வரும் 50 அதிர்வில், கணக்குப்படி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் போனுக்குப் போய்ச் சேரும். ரப்பரின் உள் உராய்வால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் 1,000 சுற்றில், ஐடிலிங்கில் வரும் 16, 17 அதிர்வு அந்த இயல்பு வேகத்துக்கு அருகில் இருப்பதால் போன் அதிகமாகவே ஆடும். சாலை வேகத்திலும் அதே ஆட்டம் தொடர்ந்தால்தான் அந்தத் தாங்கி அந்த வண்டிக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். கிளாம்புக்கு உள்ளே ஒட்டிய மெல்லிய ரப்பர் பட்டையைத் தாங்கி என்று நம்ப வேண்டாம். அது பிடிமானத்துக்கும் கீறல் விழாமல் இருக்கவும்தான். அசல் தாங்கி, கிளாம்புக்கும் போன் உட்காரும் தட்டுக்கும் நடுவில் தனித் துண்டாக இருக்கும்.

எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். ஹேண்டில்பாரின் முனைகளைவிட நடுவில், கிளாம்ப் போல்ட்டுகளுக்கு அருகில், ஆட்டம் குறைவு. கண்ணாடித் தண்டில் மாட்டும் ஹோல்டர்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தண்டு நீளமும் மெல்லிசும் என்பதால் பல பைக்குகளில் அதிர்வை அது பெருக்கித்தான் கொடுக்கிறது. ஹேண்டில்பாரை பிளாஸ்டிக் மூடியிருக்கும் ஸ்கூட்டர்களில் பலருக்கு வேறு வழியில்லை. அங்கே நீட்டுக்கை வைத்த மாடலைத் தவிர்த்து, தண்டின் அடியோடு ஒட்டி நிற்பதை எடுக்கலாம்.

வாங்குமுன் ஹேண்டில்பாரின் விட்டத்தை அளக்க வேண்டும். நம்மூர் வண்டிகள் பலவற்றில் 22 மில்லிமீட்டர். அதைவிடத் தடித்தவையும் உண்டு. மாட்டியபின் வண்டியை நிறுத்தியபடியே ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிளோ பிரேக் ஹோஸோ நசுங்கக் கூடாது, போன் டேங்கில் இடிக்கக் கூடாது, மீட்டரை மறைக்கக் கூடாது. நான்கு கால் நண்டுப்பிடி ஹோல்டரில் ஒரு கால் பவர் பட்டன் மேல் உட்காருகிறதா என்றும் பார்ப்பது நல்லது. போகிற வழியில் திரை அணைவதற்கும் அவசர அழைப்பு போவதற்கும் அதுவே காரணமாகலாம். காந்தத்தால் பிடிக்கும் ஹோல்டர் என்றால் காந்தம் கேமராவுக்கு அருகில் வரக் கூடாது. லென்ஸின் நிலை பார்க்கும் உணரிகள் குழம்பும். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லாத் திருகுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். அதிர்வு முதலில் தளர்த்துவது அவற்றைத்தான்.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத முறையில், வழி பார்ப்பதற்கு மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஆகவே சேருமிடத்தைக் கிளம்புமுன்பே போட்டுவிட வேண்டும். மாற்ற வேண்டுமானால் ஓரங்கட்டித்தான்.

கேமரா கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்? போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு கேமராவைத் திறக்க வேண்டும். யாரும் தொடாமலே திரையில் காட்சி நடுங்கினால், அலையலையாக நெளிந்தால், உள்ளே கிரகிரவென்ற சத்தம் கேட்டால் சந்தேகப்பட இடமுண்டு. பக்கத்துப் பொருள் தெளிவாகவும் தூரத்துக் கட்டடம் மங்கலாகவும் தெரிவது இன்னொரு அறிகுறி. பிறகு 0.5 என்ற அகல லென்ஸுக்கு மாற்றிப் பார்க்கலாம். பல போன்களில் அதற்கு ஓ.ஐ.எஸ். கிடையாது. அதில் காட்சி அமைதியாக நின்று, 1க்கு வந்ததும் நடுங்கினால் கோளாறு மென்பொருளில் இருக்க வாய்ப்பு குறைவு. லென்ஸ் அமைப்பில்தான் இருக்கும். போனை ரீசெட் செய்து பயனில்லை, கேமராப் பகுதியையே மாற்ற வேண்டும். அணைத்த போனைக் குலுக்கும்போது வரும் மெல்லிய கலகல ஓசை மட்டும் பழுது இல்லை. ஓ.ஐ.எஸ். லென்ஸ் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும்.

அதிர்வு அதிகமுள்ள வண்டியில் தினமும் பல மணி நேரம் ஓடுபவருக்குத் தாங்கியும் முழுக் காப்பு இல்லை. வீட்டில் சும்மா கிடக்கும், ஓ.ஐ.எஸ். இல்லாத பழைய போன் இருந்தால் அதை ஹோல்டருக்கு ஒதுக்கிவிடலாம். போகும் மாவட்டத்தின் மேப்பை வைஃபையில் முன்பே இறக்கி வைத்தால் சிம்கூடத் தேவையில்லை. நெரிசல் நிலவரம் வேண்டுமென்றால் பாக்கெட்டில் உள்ள புதுப் போனின் ஹாட்ஸ்பாட் போதும்.