ஏழு மணிக் கூட்டமும் ஏழு மணி ஷிப்டும்

ஜவுளிக்கடை வாசலில் நிமிர்ந்து பார்த்தால், கதவுக்கு நேர் மேலே உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி பொருத்தியிருப்பது தெரியலாம். கண்காணிப்புக் கேமரா என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அதன் வேலை தலைகளை எண்ணுவதுதான். கீழே யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்று திசை பிரித்து எண்ணி, மணிக்கு ஒரு கணக்காக எழுதி வைக்கும். வாரம் முடிந்ததும் அந்தக் கணக்கையும் ஊழியர்களின் ஷிப்ட் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலாளருக்கு ஓர் அறிக்கை போகும். கூட்டம் இருந்த நேரத்தில் ஆள் இருந்தார்களா என்பதே அந்த அறிக்கையின் கேள்வி.

கேள்வி எளிது. ஆனால் பல கடைகளில் இதற்குத் தவறான பதில்தான் கிடைக்கிறது. பெரும்பாலும் சென்சார் அதற்குக் காரணமாக இருப்பதில்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் கோளாறு.

கணக்குக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் நடுத்தரமான ஜவுளிக்கடை. காலை 10 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறார்கள். விற்பனைக்கு 20 பேர். பத்துப் பேர் 10 முதல் 7 வரை, மற்றப் பத்துப் பேர் 12 முதல் 9 வரை. நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு, ஓய்வு. ஆக, பட்டியலின்படி 12 முதல் 7 வரை இருபது பேரும், காலை இரண்டு மணி நேரமும் இரவு இரண்டு மணி நேரமும் பத்துப் பேரும் இருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 660 பேர் வருகிறார்கள். மாலை 5 முதல் 6 வரை 110 பேர், 6 முதல் 7 வரை 120 பேர், 7 முதல் 8 வரை 80 பேர். வழக்கமான வார அறிக்கை என்ன செய்யும்? வந்தவர்களை இருந்த ஊழியர்களால் வகுக்கும். 6 மணிக் கட்டத்தில் ஊழியர் ஒருவருக்கு 6 பேர்; 7 மணிக் கட்டத்தில் 80 பேருக்குப் பத்து ஊழியர், ஆளுக்கு 8. கொஞ்சம் அதிகம்தான், சமாளித்துவிடலாம் என்று மேலாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

உண்மையில் அந்த ஏழு மணிக்குக் கடை திணறிக்கொண்டிருக்கும். ஏனென்றால் சேலை எடுக்க வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் போய்விடுவதில்லை. ஆறரைக்கு வந்த குடும்பம் ஏழரைக்கும் ஜமுக்காளத்தின் முன்தான் உட்கார்ந்திருக்கும். கல்யாண மண்டபத்தில் பரிமாற எத்தனை பேர் வேண்டும் என்பதை வாசலில் பன்னீர் தெளிப்பவரிடம் கேட்டுப் பயனில்லை. பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். கடைக்கும் அப்படித்தான்: நுழைந்தவர்களின் எண்ணிக்கையைவிட, அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கைதான் வேலைப் பளுவைக் காட்டும்.

அதைக் கண்டுபிடிக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம். திசை பிரித்து எண்ணும் சென்சாரிடம் இரண்டு எண்களும் இருக்கின்றன. காலையிலிருந்து அதுவரை உள்ளே வந்தவர்களில் அதுவரை வெளியே போனவர்களைக் கழித்தால் போதும். நம் கடையில் மாலை 6 மணிக்கு உள்ளே 100 பேர். அடுத்த ஒரு மணி நேரத்தில் 120 பேர் வந்து, 95 பேர் போகிறார்கள். ஏழு மணிக்கு உள்ளே 125 பேர். அன்றைய உச்சம் அதுதான். முதல் ஷிப்டில் வந்த பத்துப் பேரும் சரியாக அதே ஏழு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஊழியர் ஒருவருக்கு ஆறு பேர் என்றிருந்த நிலை ஒரு நொடியில் பன்னிரண்டரை ஆகிறது. அறிக்கையிலோ ஆறு எட்டானதாக மட்டுமே பதிவாகியிருக்கிறது.

இதில் இன்னொரு திருத்தமும் தேவை. ஜவுளிக்கடைக்கு யாரும் தனியாக வருவதில்லை. 125 பேர் என்றால் 125 வியாபாரம் அல்ல. வாசலருகே ஒரு மணி நேரம் நின்று எத்தனை குழுக்கள் வருகின்றன என்று கையால் எண்ணிக்கொள்ள வேண்டும். 120 பேர் 40 குழுக்களாக வந்தால் குழுவுக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். வேலை நாட்களில் அது இரண்டாகக் குறையலாம், முகூர்த்தச் சேலை எடுக்க வரும் நாளில் எட்டாகக்கூட ஆகலாம்.

வாரச் சராசரி இன்னொரு பொறி. ஞாயிறு மாலை 6 மணிக் கட்டத்தில் 120 பேர். மற்ற ஆறு நாட்களில் அதே நேரத்தில் நாளுக்கு 36 பேர் என்றால், ஏழு நாள் சராசரி 48. அந்த 48 எந்த நாளிலும் கடைக்கு வரவில்லை. அதை நம்பி ஆள் போட்டால் செவ்வாய்க்கிழமை கூடுதல், ஞாயிற்றுக்கிழமை பற்றாக்குறை. வார அறிக்கை என்றாலும் நாள்தோறும் தனித்தனி வரிசை இருக்க வேண்டும். போன வாரத்தோடு ஒப்பிடுவதும் நம் ஊரில் அவ்வளவு பொருந்தாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, சம்பளம் வரும் முதல் வாரம், முகூர்த்த நாள் எல்லாம் கூட்டத்தைப் புரட்டிப் போடும். ஆடி ஞாயிறைப் போன வருட ஆடி ஞாயிறோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

சென்சார் தரும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வாசலின் குறுக்கே அகச்சிவப்புக் கதிர் ஒன்றை ஓடவிட்டு, அது மறைக்கப்படும்போது எண்ணும் பழைய வகையில், தோளோடு தோளாக நுழையும் இருவர் ஒருவராகிவிடுவார்கள். கூட்டம் கூடக் கூட இந்தப் பிழையும் கூடும். எண் சரியாக இருக்க வேண்டிய நேரத்தில்தான் அது குறையும். மேலிருந்து பார்க்கும் வகை இதில் எவ்வளவோ மேல். எதுவானாலும் சோதிக்கும் வழி ஒன்றுதான்: கடையின் மிகப் பரபரப்பான ஒரு மணி நேரத்துக் கேமராப் பதிவைப் போட்டுக் கையால் எண்ணி, சென்சார் சொன்னதோடு ஒப்பிடுவது. காலை 11 மணிப் பதிவில் சோதித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றால் அது சோதனையே அல்ல. தினமும் பார்க்க எளிய அறிகுறி ஒன்றும் உண்டு. கடை மூடும்போது வந்தவர் கணக்கும் போனவர் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். 660 பேர் வந்து 610 பேர்தான் போனார்கள் என்றால், பூட்டிய கடைக்குள் ஐம்பது பேர் இருக்க முடியாது. இந்தப் பிழை மாலைக்குள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் உள்ளே இருப்போர் கணக்கைத் தினமும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணிக்கையைக் கெடுப்பவர்களில் ஊழியர்களும் உண்டு, அவர்கள் அறியாமலே. இருபது பேரும் டீ, சாப்பாடு, வேலை என்று நாளுக்கு நான்கு முறை முன்வாசல் வழியாக உள்ளே வந்தால் 80 நுழைவுகள். ஞாயிறு 660 பேரில் அது பெரிதாகத் தெரியாது. நாள் முழுக்க 240 பேர் வரும் புதன்கிழமையில் மூன்றில் ஒரு பங்கு. இன்னும் விபரீதம் என்னவென்றால், இந்தப் போக்குவரத்து டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும்தான் குவியும். அறிக்கையில் அந்த நேரத்தில் கூட்டம் அதிகமாகவும் ஆள் குறைவாகவும் தெரியும். வெளியே போய்த் திரும்பிய ஊழியர்களே அந்தக் கூட்டம். ஊழியர்களுக்குப் பின்வாசல் ஒதுக்கினால் இது தீரும்.

கடிகாரக் கோளாறைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பல சென்சார்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அந்த அரை மணிதான் வம்பு. யாரோ ஐந்து மணி நேரத்தை மட்டும் கூட்டிவிட்டால் ஒவ்வொரு கட்டமும் அரை மணி நேரம் பிசகும். மாலை உச்சம் ஷிப்ட் மாறும் நேரத்துக்கு முன்பாகவே வந்து போய்விட்டதாகத் தோன்றும். 10 மணிக்குத்தான் ஷட்டர் தூக்குகிறீர்கள், ஆனால் 9 முதல் 10 வரை என்ற கட்டத்தில் கணிசமான எண் இருக்கிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். ஒரு மணிக் கட்டங்களாகச் சேர்த்து வைத்த கணக்கை அரை மணி நகர்த்தவும் முடியாது. பதினைந்து நிமிடக் கட்டங்களாக எடுத்துத் திருத்திவிட்டு, பிறகுதான் மணிக்கணக்காகக் கூட்ட வேண்டும்.

மறுபக்கம் இருக்கும் ஷிப்ட் பட்டியலும் ஓர் எண்ணம் மட்டுமே. அதில் இருபது பேர் என்று இருந்தாலும் மதியம் 1 முதல் 5 வரை ஐந்தைந்து பேராகச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் போவதால் தளத்தில் பதினைந்து பேர்தான். விடுப்பில் போனவர்களும் உண்டு. அதனால் கைரேகை வருகைப் பதிவிலிருந்து எடுத்த எண்ணில் இடைவேளையைக் கழித்து ஒப்பிட வேண்டும்.

பளு எங்கே என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது, நம் கடையில், சிறிய மாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை ஷிப்டிலிருந்து நான்கு பேரைப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னால் இரவு ஷிப்ட் 14 பேர் ஆகும். ஏழு மணிக்குப் பன்னிரண்டரையாக இருந்தது ஒன்பதாகும். காலையில் ஆறு பேர்தான் இருப்பார்கள். 12 மணிக்குச் சற்று முன்னால் உள்ளே 40 பேர் இருக்கும்போது ஆளுக்கு ஏழு பேருக்குக் கீழ்தான், தாங்கும். அந்த நால்வர் பெண்கள் என்றால், இரவு 8 மணிக்கு மேல் வேலை செய்ய அவர்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதமும், ஒன்பது மணிக்கு மேல் வீடு போய்ச் சேர வண்டியும் முதலில் வேண்டும்.

மதியம் 3 மணிக்கு உள்ளே 25 பேர், தளத்தில் பதினைந்து ஊழியர். இதைப் பார்த்ததும் சில முதலாளிகளுக்கு வரும் யோசனை, மதியம் வீட்டுக்கு அனுப்பி மாலையில் திரும்ப வரவழைப்பது. எனக்கு இது பிடிக்கவில்லை. சம்பளம் எட்டு மணி நேரத்துக்கு, ஆனால் நாள் முழுவதும் கடையிடம் அடகு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வேலை நேரத்தையும் இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் சொல்கிறது. 2021-இல் வந்த திருத்தம் ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்கச் சொன்னது. கூட்டம் குறைந்த மதியத்தை அறிக்கை காட்டிக்கொடுக்கிறது என்றால், அது அந்த இருக்கைகளில் உட்காரும் நேரமாக இருக்கட்டும்.

செய்த மாற்றம் பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நம் கடையில் ஞாயிறு 5 முதல் 7 வரை 35 பில், 7 முதல் 9 வரையும் 35 பில். வியாபாரம் குறையவே இல்லை போலத் தெரியும். ஆனால் பில் போடுவது வெளியே போகும்போது. எனவே அதை வந்தவர்களோடு அல்ல, போனவர்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் வெளியே போனவர்கள் 165 பேர், அதாவது 55 குழுக்கள். நூற்றுக்கு 64 குழுக்கள் வாங்கியிருக்கின்றன. அடுத்த இரண்டு மணி நேரத்தில் 235 பேர், சுமார் 78 குழுக்கள். நூற்றுக்கு 45 மட்டுமே. ஏழு மணிக்கு மேல் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் புதிய பட்டியலை ஓட்டிப் பார்த்து இந்த 45 ஏறுகிறதா என்று கவனிக்கலாம். நடுவில் பெரிய முகூர்த்தம் வந்தால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். ஏறவில்லையென்றால் கல்லாப் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். எடுத்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று, பொறுமையிழந்து வைத்துவிட்டுப் போகிறவர்களும் அந்தக் கணக்கில் வாங்காதவர்களாகவே சேர்வார்கள். அப்படியானால் சேலைப் பிரிவில் ஆள் கூட்டுவதால் எதுவும் மாறாது. ஏழு மணிக்கு இரண்டாவது பில்லிங் கவுண்டரைத் திறக்க வேண்டும்.