பாதி நிரம்பாத விகிதத் தாள்

ஆறாம் வகுப்பு மாணவியின் விகிதக் கணக்குத் தாளோடு அவள் அம்மா அனுப்பிய குறிப்பு இது:

“வணக்கம் டீச்சர். முதல் பாதியைப் பாப்பாவே போட்டாள். மறுபாதியில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது. 50 ரூபாயை 3:2 என்று பிரிக்க, 50-ஐ மூன்றால் வகுத்தாள். மீதி வந்ததும் நிறுத்திவிட்டாள். நான் விடை சொல்லவில்லை.”

நல்ல குறிப்பு. சிக்கல் எங்கே என்று ஆசிரியருக்கு உடனே புரிந்துவிடும். முதல் பாதிக் கணக்குகள் வேறு வகை: அக்காவுக்கு 30 ரூபாய் என்றால் தம்பிக்கு எவ்வளவு? அங்கே மூன்றால் வகுப்பதே சரி. ஒரு பங்கு 10, தம்பிக்கு 20. மொத்தத்தைப் பிரிக்கும்போதோ 3-ஐயும் 2-ஐயும் கூட்டி, ஐந்தால் வகுக்க வேண்டும். அந்தக் கூட்டலைத்தான் பாப்பா பிடிக்கவில்லை.

தொகை 60 ஆக இருந்திருந்தால் அவள் நின்றிருக்கவே மாட்டாள். மூன்றால் வகுத்து 20, இரண்டால் வகுத்து 30 என்று எழுதியிருப்பாள். மூன்று பங்குக்காரருக்குக் குறைவு, இரண்டு பங்குக்காரருக்கு அதிகம்! கூட்டினால் 50தான், பத்து ரூபாயைக் காணோம். சரியான விடை 36, 24.

பெற்றோரே, வெற்றிடத்தை நீங்கள் நிரப்பி அனுப்பாதீர்கள். பிள்ளை எந்த வரியில் நின்றது என்பதை மட்டும் எழுதுங்கள்.